ஒப்பந்தச் சட்டம்: புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுக்கான அடைவு

தேவி, இளங்கோ, ஃபாத்திமா: வியாழன் காலைத் தேர்வுக்கு இது நம் நாலு பேருக்கும் பொதுவான பிரதி. பத்துப் பக்கத்துக்குள் அச்செடுத்து, ஸ்டேப்ளர் அடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் உள்ளே வராது, அதனால் தேடல் பெட்டியும் கிடையாது. டிரைவில் ஏற்றிய நாலு கோப்புகளையும் பிரிண்ட் எடுத்து, மேல் வலது மூலையில் சிவப்பு மையில் புது எண் போட்டிருக்கிறேன். கீழே வருவதெல்லாம் அந்தச் சிவப்பு எண்தான். ஸ்கேன் எண்ணையோ, குறிப்பு எழுதினவர் போட்ட எண்ணையோ பார்க்காதீர்கள், மூன்றும் மூன்று விதமாக ஓடுகின்றன.

வ = வகுப்புக் குறிப்பு, 112 பக்கம். தீ = தீர்ப்புச் சுருக்கம், 46 பக்கம். ப = பழைய வினாக்களும் விடைகளும், 30 பக்கம். சட் = 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் மூலப் பிரதி; இதற்குப் பக்க எண் கிடையாது, பிரிவு எண்தான். மே, கீ என்றால் பக்கத்தின் மேல் பாதி, கீழ் பாதி. நட்சத்திரம் இருந்தால் அந்தப் பக்கத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள் இருக்கும்.

தலைப்புச் சொல்லை வைத்து அடுக்கவில்லை. கேள்வித்தாளில் 'தகாச் செல்வாக்கு' என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. சாமியார், மாமா, குதிரை, தபால் என்றுதான் கதை வரும். அதனால் கதையில் வரும் ஆள், பொருள், இடத்தை வைத்து அகர வரிசை போட்டிருக்கிறேன்.

அ

அக்கா, தங்கைக்கு ஆண்டுதோறும் பணம் தரச் சொல்லி மகளுக்கு நிலம் எழுதி வைத்தல்: மறுபயன் பார்க்க.

அரசு அதிகாரி வாய்மொழியாகச் சொல்லி வேலை வாங்கினார், முறைப்படி ஒப்பந்தம் இல்லை: அரசியலமைப்பு 299ஆம் உறுப்பின்படி ஒப்பந்தம் செல்லாது. ஆனால் செய்த வேலையின் பயனை அரசு அனுபவித்திருந்தால் பிரிவு 70 கைகொடுக்கும். மேற்கு வங்கம் எதிர் பி.கே. மண்டல் (1962), தீ 38*. வ 97 மே. 70ஐ 'ஒப்பந்தம்' என்று எழுதிவிடாதீர்கள், அது ஒப்பந்தத்தை ஒத்த உறவு. போன தேர்வில் எனக்கு அங்கேதான் மதிப்பெண் போனது.

ஆ

ஆசிரமத்துக்குச் சொத்தை எழுதிக் கொடுத்தல்: தகாச் செல்வாக்கு பார்க்க.

ஆட்சியர் உத்தரவுப்படி கடை கட்டினார், வியாபாரிகள் கமிஷன் தருவதாகச் சொன்னார்கள்: துர்கா பிரசாத் எதிர் பல்தேவ் (1880), தீ 9. வாக்குறுதி தந்தவரின் விருப்பப்படி செய்த செயல் இல்லை, எனவே மறுபயன் இல்லை. பிரிவு 2(ஈ). வ 31.

இ

இழப்பீடு: பிரிவு 73, 74, 75. வ 84 முதல் 92 வரை*. எண்பது மதிப்பெண் தாளில் இது வராமல் போன வருடம் நம் ப கோப்பில் ஒன்றுகூட இல்லை, அதனால் இதற்கு மட்டும் விரிவாக.

ஆலையின் உடைந்த தண்டு, வண்டிக்காரர் தாமதம், லாபம் போச்சு: ஹாட்லி எதிர் பாக்ஸண்டேல் (1854), தீ 33*. இரண்டு கிளை: வழக்கமான போக்கில் தானாக எழும் இழப்பு, ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த இழப்பு. 73இன் முதல் பத்தியும் இதைத்தான் சொல்கிறது. இரண்டாவது பத்தி: தூரத்து, மறைமுக இழப்புக்குக் கிடையாது. விடையில் இரண்டு பத்தியையும் தனித்தனியாக எடுத்துப் பொருத்துங்கள்.

ஒப்பந்தத்திலேயே 'மீறினால் இவ்வளவு' என்று தொகை இருந்தால் 74. இங்கிலாந்தில் முன்மதிப்பீடு, அபராதம் என்று பிரித்துப் பார்ப்பார்கள், நம் 74 அந்தப் பிரிவினையைக் களைந்துவிட்டது. குறித்த தொகைதான் மேல் வரம்பு, அதற்குள் நியாயமான தொகை. ஃபதே சந்த் எதிர் பால்கிஷன் தாஸ் (1963), தீ 35. கைலாஷ் நாத் எதிர் டெல்லி வளர்ச்சி ஆணையம் (2015), தீ 36: இழப்பே இல்லாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு இது. வ 88இல் கீழ்ப் பாதி ஸ்கேனில் மங்கல். இளங்கோவின் நோட்டிலிருந்து பென்சிலால் நகல் எடுத்து ஒட்டியிருக்கிறேன்.

ஏ

ஏலம்: கேட்பவர் சொல்லும் விலை முன்மொழிவு, சுத்தியல் விழுந்தால் ஏற்பு. அதற்கு முன் கேட்டவர் பின்வாங்கலாம். வ 14 கீ.

க

கடை அலமாரியில் விலைச்சீட்டு: முன்மொழிவுக்கான அழைப்பு மட்டுமே. பூட்ஸ் வழக்கு (1953), தீ 3. வ 13 மே.

கணவன் மனைவிக்கு மாதம் பணம் தருவதாகச் சொன்னார்: பால்ஃபர் எதிர் பால்ஃபர் (1919), தீ 2. கணவர் இலங்கையில் வேலை பார்த்தவர், மாதம் 30 பவுண்டு. சட்ட உறவு உண்டாக்கும் எண்ணம் இல்லை. ஆனால் கேள்வியில் அவர்கள் பிரிந்து வாழ்பவர்கள் என்று ஒரு சொல் நுழைந்திருக்கிறதா பாருங்கள். நுழைந்திருந்தால் விடை மாறும், வ 8 ஓரக் குறிப்பு.

காணாமல் போன பையனைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு பரிசு அறிவிப்பு தெரிய வந்தது: லால்மன் சுக்லா எதிர் கௌரி தத் (1913), தீ 4*. முன்மொழிவு தெரியாமல் ஏற்க முடியாது. பரிசு 501 ரூபாய்.

காலாவதியான கடனைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்: 25(3). எழுத்தில் இருக்க வேண்டும், கடன்காரரோ அவருடைய முகவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. வ 36.

குதிரை: நாலு வழக்கில் குதிரை வருகிறது, பொறுமையாகப் பாருங்கள். மருமகனுக்கு மாமா கடிதம் எழுதியிருந்தால் 'மாமா'. உடல் கோளாறுள்ள குதிரையை விற்பவர் பேசாமல் இருந்தால் 'மௌனம்'. பந்தயம் கட்டினால் 'பந்தயம்'. ஒப்பந்தம் போடும் நேரத்தில் குதிரை ஏற்கெனவே இறந்திருந்தால் 'பிழை'.

ச

சாமியார்: தகாச் செல்வாக்கு.

த

தகாச் செல்வாக்கு: பிரிவு 16, விளைவுக்கு 19அ. வ 48 முதல் 53. மூன்று படி: ஒருவர் மற்றவரின் விருப்பத்தை அடக்கும் நிலையில் இருக்கிறாரா, அந்த நிலையைப் பயன்படுத்தினாரா, நியாயமில்லாத ஆதாயம் அடைந்தாரா. ஒப்பந்தம் பார்த்தவுடனே மனசாட்சிக்கு ஒவ்வாததாக இருந்தால் நிரூபிக்கும் சுமை அடக்கும் நிலையில் இருப்பவர்மேல், 16(3). வயதான பெண், வைத்தியர், குரு, பாதுகாவலர் எல்லாம் இதே பக்கம். ப 11இல் முழு விடை இருக்கிறது, அப்படியே எழுதாதீர்கள், அதில் 19ஐயும் 19அவையும் குழப்பியிருக்கிறோம்.

தபால்: பிரிவு 4, 5. வ 18 மே*. ஏற்புக் கடிதம் தன் கையைவிட்டுப் போய் அனுப்பப்பட்டதும் முன்மொழிந்தவர் கட்டுப்படுவார். ஏற்றவர் கட்டுப்படுவது கடிதம் முன்மொழிந்தவரின் அறிவுக்கு வந்த பின்னர்தான். ஆகவே ஏற்றவர் தந்தி அடித்து முந்திக்கொண்டு பின்வாங்கலாம். தேதிகள் தந்தால் உடனே ஓரத்தில் ஒரு கோடு போட்டு நாள்களை வரிசையாக வையுங்கள். கேள்வியே அதில் அவிழ்ந்துவிடும்.

தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி மனைவி, மகனிடம் கையெழுத்து: சிக்கம் அம்மிராஜு எதிர் சிக்கம் சேஷம்மா, சென்னை உயர் நீதிமன்றம் (1917), தீ 20*. பிரிவு 15 வற்புறுத்தல் என்றே பெரும்பான்மைத் தீர்ப்பு. மாறுபட்ட கருத்தும் இருக்கிறது, வ 45. 'விமர்சிக்க' என்று கேட்டால் இரண்டையும் எழுதவேண்டும்.

தொலைபேசியில் ஏற்பு: பகவான்தாஸ் கோவர்தன்தாஸ் கெடியா எதிர் கிரிதாரிலால் (1966), தீ 7. காம்கானிலிருந்து ஏற்றார், அகமதாபாத்தில் கேட்டார்கள். கேட்ட இடத்தில்தான் ஒப்பந்தம் உண்டானது, வழக்கு அங்கே போடலாம். தபால் விதி இங்கே பொருந்தாது. நீதியரசர் ஹிதாயத்துல்லாவின் மாறுபட்ட தீர்ப்பு வ 20 கீ. மின்னஞ்சல் வந்தால் இங்கேயே தொடங்குங்கள்.

ந

நன்கொடை தருவதாகக் கையெழுத்திட்டுத் தரவில்லை: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், தீ 10, தீ 11. ஹவுரா நகர மண்டபத்துக்கு 100 ரூபாய், ஒப்பந்ததாரரையும் அமர்த்திவிட்டார்கள்: கேதார் நாத் எதிர் கோரி முகமது (1886), தர வேண்டும். மசூதிப் பழுதுபார்ப்புக்கு 500, எதுவும் தொடங்கவில்லை: அப்துல் அஜீஸ் எதிர் மாசூம் அலி (1914), தர வேண்டியதில்லை. வாக்குறுதியை நம்பி யாராவது ஏதாவது செலவு செய்தார்களா என்பதுதான் தேட வேண்டியது.

நிறைவேற்ற முடியாமல் போனது, போர், தீ, அரசு கையகப்படுத்தல்: பிரிவு 56. வ 74 முதல் 80. இசை மண்டபம் எரிந்தது டெய்லர் எதிர் கால்டுவெல் (1863). முடிசூட்டு ஊர்வலம் தள்ளிப்போனது க்ரெல் எதிர் ஹென்றி (1903). நம் நாட்டுக்குச் சத்யவிரத கோஷ் எதிர் முக்னீராம் பங்கூர் (1954), தீ 30*, அதையே முதலில் எழுதுங்கள்: போர்க்காலத்தில் நிலம் அரசுக்குத் தற்காலிகமாகப் போனது, ஒப்பந்தம் அழியவில்லை. 'முடியாதது' என்பது உடல்ரீதியாக மட்டும் என்று இல்லை. ஆனால் விலை ஏறிவிட்டது, லாபம் குறைந்தது என்றால் 56 கிடையாது.

ப

பந்தயம், சூதாட்டம்: பிரிவு 30. செல்லாது. குதிரைப் பந்தயத்தில் வென்றவருக்கு 500 ரூபாயோ அதற்கு மேலோ பரிசு தரும் சந்தாவுக்கு மட்டும் விலக்கு. செல்லாதது என்பதால் சட்டவிரோதமாகிவிடாது: கேருலால் பாரக் (1959), தீ 27. வ 68.

பிணத்தை எடுக்க விடாமல் தத்தெடுக்க வைத்தல்: ரங்கநாயகம்மா எதிர் ஆள்வார் செட்டி (1889), சென்னை, தீ 19. பதின்மூன்று வயது விதவை. தத்து ரத்தானது. வ 44.

பிழை: இரு தரப்புக்கும் உண்மை பற்றிய பிழை 20, செல்லாது. சட்டம் பற்றியது 21. ஒருவருக்கு மட்டும் என்றால் 22, ரத்து செய்ய முடியாது. வ 58.

ம

மறுபயன்: 2(ஈ), 25. வ 30 முதல் 37. வாக்குறுதி பெற்றவர் 'அல்லது வேறு எவரும்' தரலாம், இந்தச் சொற்களை அடிக்கோடிட்டு எழுதுங்கள். சின்னய்யா எதிர் ராமய்யா, சென்னை (1882), தீ 8*. தாய் மகளுக்கு நிலம் தந்து, தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் பணம் தரச் சொன்னார். தாய் தந்ததே போதும் என்று தீர்ப்பு. இங்கிலாந்தில் ட்வெடில் எதிர் அட்கின்சன் (1861) நேர் எதிர். போதாத மறுபயன் பற்றிக் கேட்டால் 25இன் இரண்டாவது விளக்கம்.

மாமா, 'பதில் வராவிட்டால் குதிரை எனக்கு' என்று எழுதினார்: ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி (1862), தீ 5.

முன்பணம்: ஒப்பந்தம் செல்லாது என்று பின்னர் தெரிந்தால் 65, திருப்பித் தர வேண்டும். மீறலுக்காகப் பிடித்துக்கொண்டால் 74. இரண்டும் ஒன்றில்லை. முதலில் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மைனர்: பிரிவு 11. மோஹரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் (1903), தீ 14*. ஒப்பந்தமே இல்லை, ஆகவே 65ஐக் காட்டியும் கடன் கொடுத்தவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அத்தியாவசியப் பொருள் என்றால் 68: அவர் சொத்திலிருந்து மட்டும், அவரே பொறுப்பில்லை. மைனருக்குச் சாதகமான அடமானம் செல்லும்: ராகவாச்சாரியார் (1916), தீ 15. வ 40 முதல் 43.

மௌனம்: 17இன் விளக்கம். சும்மா இருப்பது மோசடி இல்லை, பேச வேண்டிய கடமை இருந்தால் மட்டும் மோசடி. குதிரையைத் தந்தை தன் மகளுக்கு விற்கும் எடுத்துக்காட்டு சட் 17. சாதாரணக் கவனத்திலேயே உண்மை தெரிந்திருக்குமா என்று 19இன் விதிவிலக்கையும் பாருங்கள்.

வ

விலை மட்டும் சொன்னார், விற்கிறேன் என்று சொல்லவில்லை: ஹார்வி எதிர் ஃபேசி (1893), தீ 6.

விளம்பரத்தில் பரிசு, வங்கியிலும் பணம் போட்டார்கள்: கார்லில் (1893), தீ 1*. 100 பவுண்டு பரிசு, 1000 பவுண்டு வைப்பு. பொது முன்மொழிவு, சொன்னதைச் செய்தாலே ஏற்பு, பிரிவு 8.

வேலையை விட்டபின் போட்டிக் கடை வைக்கக் கூடாது: பிரிவு 27. நியாயமான தடை, நியாயமற்ற தடை என்று ஆங்கிலேயர் போல் அளக்காதீர்கள், பகுதித் தடையும் செல்லாது: மாதப் சந்தர் எதிர் ராஜ்குமார் தாஸ் (1874), தீ 25. வேலையில் இருக்கும் காலத்துத் தடை வேறு, அது செல்லும்: நிரஞ்சன் சங்கர் கோலிகரி (1967), தீ 26*. நற்பெயரோடு கடையை விற்றவருக்கான விதிவிலக்கு வ 66 மே.