பணிநீக்க அறிவிப்பு

நாள்: 2 ஜூன் 2025

பெறுநர்: முதுநிலைத் தட்டுத் தயாரிப்பாளர், அச்சுப் பிரிவு
அனுப்புநர்: மேலாண்மை இயக்குநர்

மதிப்பிற்குரிய ஐயா,

வெள்ளிக்கிழமை நேரில் சொன்னதை எழுத்தில் உறுதி செய்கிறேன். நீங்கள் வகிக்கும் பணியிடத்தை நிறுவனம் நீக்குகிறது. அதனால் உங்கள் வேலை 31 ஆகஸ்ட் 2025 அன்று முடிவடைகிறது. இது இறுதி முடிவு. ஆனால் இதை எதிர்த்து முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு. அதன் வழி கீழே உள்ளது.

காரணம் இதுதான். நம் அச்சு வேலையில் பெரும்பகுதி, தொடர் எண்ணிட்ட படிவங்களும் ரசீதுப் புத்தகங்களும். அவற்றை வாங்கி வந்த இரண்டு பெரிய வாடிக்கையாளர்களும் கணினி வழிப் பதிவுக்கு மாறிவிட்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எஞ்சிய வேலைக்குத் தேவையான அச்சுத் தட்டுகளை வெளியில் செய்து வாங்குவது என்று இயக்குநர் குழு 26 மே அன்று தீர்மானித்தது. தட்டு அறை மூடப்படுகிறது. அதில் இருக்கும் இரண்டு பணியிடங்களும் நீக்கப்படுகின்றன. அந்த இருவரில் நீங்கள் ஒருவர். எவரையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் வேலைத்திறனோ, நடத்தையோ, வயதோ, எடுத்த மருத்துவ விடுப்போ இதில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. வேறு பிரிவில் இடம் தர முடியுமா என்று பார்த்தோம். காலியாக இருப்பது கட்டுநர் உதவியாளர் பணியிடம் ஒன்றுதான். அதன் ஊதியம் உங்களுடையதில் பாதிக்கும் குறைவு. விருப்பமிருந்தால் 30 ஜூனுக்குள் சொல்லுங்கள். அது உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். மறுத்தால் கீழே சொல்லியுள்ள தொகைகளில் எதுவும் குறையாது.

உங்கள் பணி ஒப்பந்தப்படி 60 நாள் முன்னறிவிப்பு போதும். இன்றையும் சேர்த்து 91 நாள் தருகிறோம். அதுவரை முழு ஊதியம் உண்டு. வேறு வேலைக்கான நேர்காணலுக்குச் செல்ல வேண்டியிருந்தால் முந்தைய நாள் பிரிவு மேலாளரிடம் தெரிவித்தால் போதும், அந்த நேரம் விடுப்பில் கழிக்கப்படாது. புது வேலை முன்னதாகவே கிடைத்தால் ஒரு வாரம் முன் சொல்லிவிட்டு நீங்கள் செல்லலாம். இழப்பீடு முழுமையாகக் கிடைக்கும், ஊதியம் மட்டும் நீங்கள் விலகும் நாளோடு நிற்கும்.

இழப்பீட்டுக் கணக்கு: நீங்கள் 10 மார்ச் 2014 அன்று சேர்ந்தீர்கள். 31 ஆகஸ்டில் 11 ஆண்டும் ஐந்து மாதமும் சில நாள்களும் ஆகின்றன. மீதி மாதங்களையும் ஒரு முழு ஆண்டாக எடுத்து 12 ஆண்டு என்று கணக்கிடுகிறோம். ஆண்டுக்கு 30 நாள் வீதம் 360 நாள் ஊதியம், அதாவது 12 மாத ஊதியம். இங்கே ஊதியம் என்பது உங்கள் மே மாதச் சம்பளச் சீட்டில் 'மொத்த ஊதியம்' என்ற வரியில் பிடித்தங்களுக்கு முன் உள்ள தொகை. மிகைநேரப் படி இதில் சேராது. மே இறுதியில் எடுக்காமல் மீதமிருந்த 41 நாள் விடுப்புக்கும் அதே வீதத்தில் பணம் தரப்படும். இடையில் விடுப்பு எடுத்தால் அந்த நாள்கள் மட்டும் கழியும். சென்ற ஆண்டு நீங்கள் வாங்கிய சம்பள முன்பணத்தின் நிலுவை தள்ளுபடி செய்யப்படுகிறது. வருமான வரி சட்டப்படி பிடிக்கப்படும். எல்லாத் தொகையும், கணக்கு விவரத்துடன், 5 செப்டம்பருக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் சேரும். குடும்ப மருத்துவக் காப்பீட்டின் தவணையை 31 டிசம்பர் 2025 வரை நிறுவனமே கட்டும்.

முடிவோ கணக்கோ தவறு என்று கருதினால் 16 ஜூனுக்குள் இயக்குநர் குழுத் தலைவருக்கு எழுதுங்கள். முடிவெடுத்த நான் அந்த விசாரணையில் இருக்க மாட்டேன். நீங்கள் விரும்பும் சக பணியாளர் ஒருவரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ உடன் அழைத்து வரலாம். எழுத்துப்பூர்வமான பதில் 23 ஜூனுக்குள் வரும். இக்கடிதத்தின் நகலில் கையொப்பமிடுவது பெற்றுக்கொண்டதற்கு மட்டுமே. ஒப்புதலாகவோ, சட்டம் உங்களுக்குத் தரும் எந்த உரிமையையும் விட்டுக்கொடுத்ததாகவோ அது ஆகாது. வீட்டில் படித்துக் காட்டிய பிறகு கையொப்பமிட்டாலும் சரி.

அனுபவச் சான்றிதழை இந்த வாரமே தருகிறோம், கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். பணியிடம் நீக்கப்பட்டதால் வேலை முடிந்தது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கும். கூடவே, இரவுப் பணியில் இரண்டாம் நிறத்தின் பதிவுக் குறி கால் மில்லிமீட்டர் விலகியிருந்ததைக் கண்டு, ஒரு முழு உருளைக் காகிதம் வீணாகுமுன் இயந்திரத்தை நிறுத்திய உங்கள் கண்ணைப் பற்றியும் எழுதச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு அச்சக முதலாளிக்கு அதன் மதிப்பு சொல்லாமலே புரியும். தட்டுத் தயாரிப்பாளர் பணியிடம் 31 ஆகஸ்ட் 2027-க்குள் மீண்டும் உருவானால் முதலில் உங்களுக்கே தெரிவிப்போம்.

மற்றவர்களுக்கு நாளை காலை பத்து மணிக்கு அறிவிக்கிறோம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றால் அதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள். கணக்கு பற்றிய கேள்விகளுக்கு ஊதியப் பிரிவு அலுவலர் வியாழக்கிழமை பிற்பகல் முழுவதும் உங்களுக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறார். முடிவு பற்றிய கேள்விகளையும், அதன் மீதான கோபத்தையும், என்னிடமே நேரில் சொல்லலாம்.

இப்படிக்கு,
மேலாண்மை இயக்குநர்