தோட்டத்து வழக்கு: அடுத்த வாய்தா 9.12.2025

முருகேசன் அண்ணா, வணக்கம். காலையில் சப் கோர்ட்டில் இன்னொரு கேஸ் கூப்பிட்டுவிட்டதால் உங்களிடம் நின்று பேச முடியவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

இன்று உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியது. எதிர்தரப்பு சீனியருக்கு உடம்பு சரியில்லை என்று ஜூனியர் வாய்தா கேட்டார். போன தடவையும் அவர்கள்தான் கேட்டார்கள் என்று நான் ஆட்சேபித்தேன். 500 ரூபாய் செலவுத்தொகையோடு, கடைசி வாய்ப்பு என்று சொல்லி டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறை உங்களுக்கே தெரியும்.

தடை உத்தரவு போய்விட்டதா என்று அண்ணி போனில் கேட்டார்கள். போகவில்லை. வழக்கு முடியும்வரை அது அமலில் இருக்கும், வாய்தா போட்டதால் ஒன்றும் ஆகாது. மா பூ எடுப்பதற்கு முன் உழவு ஓட்ட வேண்டுமானால் தாராளமாக ஓட்டுங்கள். அவர்கள் ஜேசிபி கொண்டுவந்தால் மட்டும் வாய்ச்சண்டைக்குப் போகாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு உடனே எனக்குப் போன் செய்யுங்கள். உத்தரவு நகலை வைத்து காவேரிப்பட்டணம் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிடலாம்.

டிசம்பர் 7 ஞாயிறு காலை 10 மணிக்கு கிருஷ்ணகிரி ஆபீசுக்கு வாருங்கள். தீபம் முடிந்திருக்கும், வேலை குறைவாக இருக்கும். கிரைய பத்திரத்தின் ஒரிஜினல் கோர்ட் கட்டில் இருக்கிறது. நீங்கள் பட்டா, கடைசி மூன்று வருட கிஸ்தி ரசீது இரண்டையும் எடுத்து வந்தால் போதும்.

அவர்கள் அளவில்தான் பிடிப்பார்கள் என்று நினைக்கிறேன். பத்திரத்தில் 1 ஏக்கர் 42 சென்ட், பட்டாவில் 0.57.5 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர், ஆக இரண்டும் ஒரே நிலம்தான். "பட்டாவில் குறைவாக இருக்கிறதே" என்று கேட்டால் தடுமாறாமல் இதைச் சொல்லுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், தப்பில்லை. தாத்தா காலத்துக் கதையெல்லாம் கூண்டில் வேண்டாம் அண்ணா, அதிலிருந்துதான் அடுத்த கேள்வியைப் பிடிப்பார்கள்.

அப்புறம், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சாட்சி சொல்ல வருவாரா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். தயங்கினால் முழு விலாசம் அனுப்புங்கள், சம்மன் மனு போடுகிறேன். அவர் வேலை உங்கள் விசாரணை முடிந்த பிறகுதான், 9ஆம் தேதி அவரைக் கூட்டிவர வேண்டாம்.

9ஆம் தேதி காலை 10 மணிக்கே முன்சீப் கோர்ட் வாசலில் இருங்கள், ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். eCourts Services ஆப்பில் தேதி ஏற இரண்டு நாள் ஆனாலும் ஆகும், பயப்படாதீர்கள். இன்றைக்குத் தனியாக ஃபீஸ் எதுவும் இல்லை.

- கவிதா, வழக்கறிஞர்
18.11.2025