மருந்துக்கு அடங்காத பாக்டீரியா: விரிவுரைக் குறிப்புகள்

வகுப்பு நண்பர்களுக்கு: நுண்ணுயிரியல் மூன்றாம் விரிவுரையின் ஒலிப்பதிவிலிருந்து எடுத்த எழுத்துப்படியைச் சுருக்கித் தொகுத்திருக்கிறேன். பேராசிரியை ஒரே கருத்தை வெவ்வேறு இடங்களில் தொட்டுவிட்டுப் போனதால், அவர் பேசிய வரிசையைவிடப் பொருள் தொடர்புக்கே முதலிடம் கொடுத்தேன். எழுத்துப்படியில் "பிளாஸ்மா" என்று விழுந்திருந்த இடங்களெல்லாம் உண்மையில் பிளாஸ்மிட். ஒலிப்பதிவை மறுபடி கேட்டுத் திருத்தினேன். மாதிரிக்கு ஒரு பத்தி:

"அதாவது, வந்து, இப்போது பெனிசிலினை எடுத்துக்கொண்டால், என்ன சொல்வது, அது பாக்டீரியாவின் சுவரை, ஆம், செல் சுவரை, அது கட்டப்படுவதைத்தான் தடுக்கிறது, சரியா? நமக்கு அந்தச் சுவர், பாருங்கள், நம் செல்லுக்கு அது கிடையாது. அதனால்தான், அதாவது, நமக்கு ஒன்றும் ஆவதில்லை."

இது குறிப்பில் இரண்டு வரியாகிவிட்டது. கீழே முதல் தலைப்பின் தொடக்கத்தில் இருக்கிறது.

பெனிசிலின் வேலை செய்யும் விதம்

பெனிசிலின், பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டுவதைத் தடுக்கிறது. மனித செல்லுக்குச் சுவர் இல்லாததால் அது தப்பிக்கிறது.

வைரஸுக்கும் செல் சுவர் இல்லை. ஆகவே வைரஸால் வரும் சளிக்கும் ஃப்ளூவுக்கும் பெனிசிலின் பயன்படாது.

வரலாறு

- 1928: அலெக்சாண்டர் ஃபிளெமிங், பூஞ்சை விழுந்த தட்டில் அதைச் சுற்றி பாக்டீரியா வளராததைக் கவனித்தார்.
- 1940: பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை ஆபிரகாமும் செயினும் பாக்டீரியாவில் கண்டறிந்தார்கள். மருந்து பரவலான புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே இது நடந்தது என்பதைப் பேராசிரியை அழுத்திச் சொன்னார்.
- 1945: நோபல் உரையில் ஃபிளெமிங்கே எச்சரித்தார்: கொல்லப் போதாத அளவு மருந்து கொடுத்தால் கிருமி அதைத் தாங்கப் பழகிவிடும்.

எதிர்ப்பு எப்படி உருவாகிறது (தேர்வுக்கு முக்கியம்)

"உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று சொல்வது தவறு. மாறுவது நம் உடம்பு அல்ல, பாக்டீரியா. இந்தத் தெளிவு இல்லாமல் மீதியைப் படித்தால் எல்லாம் குழம்பும்.

மருந்து எதிர்ப்பை உண்டாக்குவதில்லை, தேர்ந்தெடுக்கிறது. கூட்டத்தில் ஒன்றிரண்டு பாக்டீரியாவுக்குத் தற்செயலான மரபணு மாற்றத்தால் தாங்கும் திறன் ஏற்கெனவே இருக்கலாம். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, இடமும் உணவும் இவற்றுக்கே கிடைக்கின்றன.

பெருகும் வேகத்துக்குக் கரும்பலகையில் போட்ட கணக்கு: ஈ. கோலை சாதகமான சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். 10 மணி நேரத்தில் 30 தலைமுறை. ஒன்றே ஒன்றில் தொடங்கினாலும் 2³⁰, அதாவது நூறு கோடிக்கு மேல். தடையின்றிப் பெருகினால் மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும்.

பாக்டீரியாவின் தற்காப்பு வழிகள்

1. *மருந்தைச் சிதைத்தல்.* பீட்டா-லாக்டமேஸ் நொதி பெனிசிலின் மூலக்கூறின் வளையத்தை உடைக்கிறது. இதை முறியடிக்கத்தான் அமாக்ஸிசிலினுடன் கிளாவுலானிக் அமிலம் சேர்க்கிறார்கள். அது நொதியை முடக்கிவிடும்.
2. *இலக்கை மாற்றுதல்.* மருந்து ஒட்ட வேண்டிய புரதத்தின் வடிவம் வேறாகிவிடுகிறது. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டேஃபைலோகாக்கஸ் இதற்கு எடுத்துக்காட்டு. மெத்திசிலின் வந்தது 1959. அதற்கு அடங்காத வகை பதிவானது 1961.
3. *வெளியேற்றுதல்.* உள்ளே வந்த மருந்தை செல் சவ்வில் உள்ள புரதப் பம்புகள் வெளியே தள்ளுகின்றன. டெட்ராசைக்ளின் விஷயத்தில் இது அதிகம்.

பரவுதல்

எதிர்ப்பு மரபணு சந்ததிக்கு மட்டும் போவதில்லை, பக்கத்தில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் போகிறது. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமிலிருந்து தனித்து நிற்கும் சிறு டி.என்.ஏ. வளையம், இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது அதன் நகல் கைமாறுகிறது. கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருக்கலாம் என்பதால், ஒரு மருந்தின் பயன்பாடு மற்றவற்றுக்கான எதிர்ப்பையும் வளர்த்துவிடும். முழு விரிவுரையிலும் என்னை அதிகம் உலுக்கிய பகுதி இதுதான். எழுத்துப்படியில் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்ததை இங்கே ஒன்றாக்கியிருக்கிறேன்.

கடைசியில் எழுந்த கேள்வி

*காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தலாமா?* நாமாக நிறுத்தக் கூடாது. சில தொற்றுகளுக்கு முன்பு நினைத்ததைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எந்தத் தொற்றுக்கு எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மீந்த மாத்திரையை அடுத்த முறைக்கு எடுத்துவைப்பதும், அடுத்தவருக்குக் கொடுப்பதும் கூடாது.