இரும எண்ணுடன் ஒன்று கூட்டும் நாடா இயந்திரம்: செவ்வாய்க்கிழமை வகுப்புக்கான குறிப்பு

நாடாவில் ஓர் இரும எண் எழுதியிருக்கிறது. அதோடு 1 கூட்டிவிட்டு, விடையின் முதல் இலக்கத்தின்மேல் தலையை நிறுத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். தொடக்கத்தில் தலை எண்ணின் இடது ஓர இலக்கத்தில் இருக்கும். எண்ணுக்கு இருபுறமும் எல்லையில்லாமல் வெற்றுக் கட்டங்கள். வெற்றை `_` என்று குறிக்கிறேன்.

ஆலன் டூரிங் 1936இல் இந்த வகை இயந்திரத்தை முன்வைத்தபோது, அது நிற்காமல் இலக்கங்களை எழுதிக்கொண்டே போவதைத்தான் நல்ல நடத்தையாகக் கருதினார். நமக்கு அப்படியில்லை. விடை வந்ததும் நிற்க வேண்டும். அதனால் கடைசியில் ‘நில்’ என்று ஒரு நிலை. அதற்கு விதிகள் இல்லை.

| நிலை | படிப்பது | எழுதுவது | நகர்வு | அடுத்த நிலை |
|---|---|---|---|---|
| செல் | 0 | 0 | வலம் | செல் |
| செல் | 1 | 1 | வலம் | செல் |
| செல் | _ | _ | இடம் | கூட்டு |
| கூட்டு | 1 | 0 | இடம் | கூட்டு |
| கூட்டு | 0 | 1 | இடம் | திரும்பு |
| கூட்டு | _ | 1 | இடம் | திரும்பு |
| திரும்பு | 0 | 0 | இடம் | திரும்பு |
| திரும்பு | 1 | 1 | இடம் | திரும்பு |
| திரும்பு | _ | _ | வலம் | நில் |

சின்ன வகுப்பில் கூட்டும்போது “மனதில் ஒன்று” என்று சொல்லிக்கொண்டே அடுத்த இலக்கத்துக்குப் போவோம். இந்த இயந்திரத்துக்கு மனம் எங்கே? நாடாவில் தேடினால் கிடைக்காது. அந்த ஒன்றை எந்தக் கட்டத்திலும் எழுதிவைக்கவில்லை. ‘கூட்டு’ என்ற நிலையில் இருப்பதே மனதில் ஒன்று இருப்பதுதான். 0 கிடைத்தால் ஒன்றை அங்கே இறக்கிவைத்துவிட்டு ‘திரும்பு’ நிலைக்குப் போகிறது. அதன் பிறகு மனதில் எதுவும் இல்லை.

இப்போது 10111 (அதாவது 23). சதுரக் கட்டத் தாளில் ஒரு வரிசையை வெட்டி எடுத்து, பென்சிலால் எழுதி, ஒரு நாணயத்தைத் தலையாக நகர்த்திப் பாருங்கள். ஒருவர் அட்டவணையைப் படிக்கட்டும், மற்றவர் அழித்து எழுதட்டும். அடைப்புக்குள் இருப்பது தலை நிற்கும் கட்டம்.

```
 0   _ [1] 0  1  1  1  _   செல்
 1   _  1 [0] 1  1  1  _   செல்
 2   _  1  0 [1] 1  1  _   செல்
 3   _  1  0  1 [1] 1  _   செல்
 4   _  1  0  1  1 [1] _   செல்
 5   _  1  0  1  1  1 [_]  செல்
 6   _  1  0  1  1 [1] _   கூட்டு
 7   _  1  0  1 [1] 0  _   கூட்டு
 8   _  1  0 [1] 0  0  _   கூட்டு
 9   _  1 [0] 0  0  0  _   கூட்டு
10   _ [1] 1  0  0  0  _   திரும்பு
11  [_] 1  1  0  0  0  _   திரும்பு
12   _ [1] 1  0  0  0  _   நில்
```

11000, அதாவது 24. ஒன்பதாம் வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள்: நாடாவில் இருப்பது 10000, அதாவது 16. 23உம் இல்லை, 24உம் இல்லை. மீதி 8 எங்கே போயிற்று? அந்த இடத்தில் இறங்கக் காத்திருக்கும் ‘மனதில் ஒன்றின்’ மதிப்புதான் 8. நாடாவை மட்டும் படம்பிடித்து வைத்தால் போதாது. நிலையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

விடைத்தாள்களில் அடிக்கடி வரும் தவறு, ‘கூட்டு, 0’ வரிசையில் அடுத்த நிலையையும் ‘கூட்டு’ என்றே எழுதிவிடுவது. அப்படிச் செய்தால் இறக்கிய ஒன்றை இயந்திரம் மறுபடியும் தூக்கிக்கொண்டு போகும். மேலே உள்ள எண்ணுக்கு 101000, அதாவது 40, விடையாக வரும். இன்னொரு தவறு இன்னும் கள்ளத்தனமானது: ‘கூட்டு, _’ வரிசையை விட்டுவிடுவது. 10111இல் அந்த விதி தேவைப்படவே இல்லை என்பதால் சோதனையில் பிடிபடாது. எல்லாம் 1 ஆக உள்ள எண்ணைக் கொடுத்தால்தான் தெரியும். 111க்கு ஏழாவது படி முதல்:

```
7  _ [_] 0  0  0  _   கூட்டு
8 [_] 1  0  0  0  _   திரும்பு
9  _ [1] 0  0  0  _   நில்
```

எண் ஓர் இலக்கம் நீண்டிருக்கிறது. காலி நாடாவைக் கொடுத்தாலும் இதே விதி காப்பாற்றும். மூன்றே படிகளில் 1 வந்துவிடும்.

படிக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. n இலக்க எண்ணுக்கு 2n + 2 படிகள். எல்லாம் 1 என்றால் மட்டும் ஒன்று கூடுதல். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகவே தேவையில்லாத 10110க்கும் 12 படிகள்தான். எப்படியும் இடது ஓரம்வரை திரும்பி வர வேண்டியிருப்பதால், போகிற வழியில் 1களை 0 ஆக்குவதற்குத் தனிச் செலவில்லை. ‘திரும்பு’ நிலையை எடுத்துவிட்டு, ஒன்றை இறக்கியதும் நிற்க விட்டால் வேறுபாடு தெரியும்: 10110க்கு 7 படிகள், 10111க்கு 10.

செவ்வாய்க்கிழமை வரும்போது 1001111க்கு 16 படிகளையும் தாள் நாடாவில் ஓட்டி, ஒவ்வொரு படிக்கும் நிலையோடு எழுதிக் கொண்டுவாருங்கள்.