அத்தோ, மொய்ங்கா, சாப்பாடு: காரக் குறியும் ஒவ்வாமைக் குறியும் போட்ட வைபர் மெனு

📌 யாங்கோன், அனவ்ரத்தா சாலை. ஆகஸ்ட் 18, திங்கள் முதல் இந்த மெனுதான்.

குழுவில் இருக்கும் அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி எல்லோருக்கும் வணக்கம். பழைய மெனுவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிடுங்கள். மூன்று ஐட்டத்தில் குறி மாறியிருக்கிறது, அங்கே 🔄 போட்டிருக்கிறோம்.

ஒவ்வொரு ஐட்டமும் இரண்டு வரி. மேல் வரியில் எண், பெயர், விலை. கீழ் வரியில் குறி மட்டும். முன்பு பெயருக்குப் பக்கத்திலேயே குறி போட்டோம். சின்ன ஸ்கிரீனில் வரி உடைந்து, மொய்ங்காவின் 🐟 அடுத்த வரியில் இட்லிக்கு முன்னால் போய் நின்றது. அதனால்தான் இந்தப் பிரிப்பு. கீழ் வரியில் முதலில் காரம், கோட்டுக்கு (┃) அப்புறம் ஒவ்வாமை.

*காரம்*

⚪ மிளகாயும் இல்லை, மிளகும் இல்லை. குழந்தைக்குக் கொடுக்கலாம்.
🌶️ ஒரு தட்டுக்கு வறுத்த மிளகாய்த்தூள் கால் டீஸ்பூன், அல்லது அந்த அளவு உறைப்பு.
🌶️🌶️ அரை டீஸ்பூன். நம்ம வீட்டுக் குழம்புக் காரம்.
🌶️🌶️🌶️ ஒரு டீஸ்பூன் நிறைய. வியர்க்கும்.

மூன்றுக்கு மேல் போடுவதில்லை. நாலு, அஞ்சு மிளகாய் வரிசையாக நின்றால் போனில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ரசத்தில் மிளகாய் குறைவு, ஆனால் மிளகு உண்டு. அதையும் சேர்த்துத்தான் குறி போட்டிருக்கிறோம்.

அத்தோ, கவுசுவே, லப்பெத் மூன்றும் ஒவ்வொரு தட்டாகப் பிசைவது, அல்லது கடைசியில் தூள் தூவுவது. அதில் காரத்தைக் குறைக்கலாம், கூட்டலாம். குழம்பு காலையிலேயே மசாலா அரைத்து மொத்தமாகக் கொதித்தது. அதில் குறைக்க வழியில்லை. தண்ணீர் ஊற்றினால் உப்பும் புளியும்தான் கெடும், உறைப்பு போகாது. குறைந்த காரம் வேண்டுமென்றால் வேறு ஐட்டம் எடுங்கள்.

*ஒவ்வாமை*

🥜 நிலக்கடலை. கடலெண்ணெயும் இதில் சேரும்.
🦐 இறால், காய்ந்த இறால், இறால்தூள், ஙப்பி.
🐟 மீன், மீன் சாஸ், ஙப்பி.
🥚 கோழி முட்டை, வாத்து முட்டை.
🥛 பால், தயிர், நெய், டின் பால்.
🍞 கோதுமை: மைதா, ரவை, மஞ்சள் நூடுல்ஸ், சோயா சாஸ், பெருங்காயம்.
🌰 முந்திரி, பாதாம். படத்தில் இருப்பது வேறு கொட்டை. முந்திரிக்குத் தனி எமோஜி கிடையாது.

எள், சோயா, கடுகு மூன்றுக்கும் சரியான எமோஜி இல்லை. அதனால் எழுத்தில் எழுதியிருப்போம். பக்கத்து உருவத்தை எடுத்து ஒட்டினால் ஆளுக்கொரு அர்த்தம் வரும்.

🌿 சைவம். மீன் சாஸ்கூடக் கிடையாது.
⚠️ இதற்குப் பின்னால் வரும் பொருளைப் போடவில்லை. ஆனால் அதே எண்ணெயில் பொரித்தது, அல்லது அதே பாத்திரம்.
✅ மேலே சொன்ன பத்தில் ஒன்றுமே இல்லை.

கோட்டுக்கு அப்புறம் எந்த வரியும் வெறுமையாக இருக்காது. ஒன்றும் இல்லையென்றால் ✅ கட்டாயம் இருக்கும். வெறுமையாக ஒரு வரி வந்தால் அது நாங்கள் செய்த பிழை. "ஒன்றும் இல்லை போல" என்று நினைத்து ஆர்டர் போடாதீர்கள், கேளுங்கள். குறிக்குப் பதிலாக வெறும் கட்டம் (□) தெரிந்தால் உங்கள் போன் பழசு. அப்போதும் கேளுங்கள், எழுத்தில் அனுப்புகிறோம். உணவுக் குறிகளில் 2016க்கு அப்புறம் வந்த எமோஜி எதையும் வைக்கவில்லை. பயறு எமோஜி வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். அது 2021இல்தான் வந்தது, நம்மில் பாதிப் பேர் போனில் கட்டமாகத் தெரியும்.

குழப்பம் வரும் இடங்கள்:

*கடலை.* நம் பேச்சில் நிலக்கடலையும் கடலை, கொண்டைக்கடலையும் கடலை. 🥜 என்றால் நிலக்கடலை மட்டும். அத்தோவில் தூவும் வறுத்த கடலைமாவும், இட்லிச் சட்னியில் அரைக்கும் பொட்டுக்கடலையும் கொண்டைக்கடலை வகை. அதற்கு 🥜 வராது. ஷான் டோஃபுவும் அப்படித்தான். பெயர் டோஃபு என்றாலும் சோயா கிடையாது, கடலைமாவைக் காய்ச்சி உறைய வைத்தது. ஆனால் நிலக்கடலை ஆகாத சிலருக்கு இந்தப் பருப்பு வகைகளும் ஒத்துக்கொள்ளாது. அது உங்களுக்குத்தான் தெரியும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*கடலெண்ணெய்.* அத்தோவிலும் லப்பெத்திலும் ஊற்றும் வெங்காய எண்ணெய் செக்கில் ஆட்டிய கடலெண்ணெய். ரீஃபைண்டு எண்ணெயில் புரதம் கிட்டத்தட்ட எல்லாம் போய்விடும், செக்கு எண்ணெயில் தங்கும். ஒவ்வாமையைக் கிளப்புவது அந்தப் புரதம்தான். கடலை கண்ணில் படாவிட்டாலும் 🥜 போட்டிருப்பது அதனால்தான். மற்றப் பொரியல் எல்லாம் பாமாயிலில்.

*பெருங்காயம்.* கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும். எனவே சாம்பாருக்கும் ரசத்துக்கும் 🍞 உண்டு. பெருங்காயம் போடாமல் தனியாகச் சாம்பார் வேண்டுமென்றால் முந்தைய நாள் இரவு 8 மணிக்குள் சொல்லுங்கள்.

*தேங்காய்ப்பால்.* பால் என்ற சொல் இருந்தாலும் 🥛 வராது.

*🌾 ஏன் இல்லை?* கோதுமைக்குப் பல கடைகள் அதைப் போடுகின்றன. அந்த எமோஜியின் பெயரே நெற்கதிர்தான். நம் கண்ணுக்கும் நெல்லாகத்தான் தெரியும். சோறே ஆகாது போல என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். அதனால் ரொட்டி.

*காலை 6.30 – 10.00*

1. மொய்ங்கா, வாழைத்தண்டோடு – 3,000 கியாட்
🌶️ ┃ 🐟🦐
வாத்து முட்டை சேர்த்தால் 800 கூடுதல், 🥚 சேரும். பேஜோ தனிப் பொட்டலத்தில்: ⚠️🦐

2. இட்லி 4, சாம்பார், தேங்காய்ச் சட்னி – 2,500
🌶️ ┃ 🍞 கடுகு 🌿
🔄 சாம்பாருக்கு இப்போதுதான் 🍞 போட்டிருக்கிறோம்.

3. பரோட்டா 2, வேகவைத்த பட்டாணி – 3,000
⚪ ┃ 🍞🥛 ⚠️🥚 (முட்டைப் பரோட்டாவும் அதே கல்லில்)

*மதியம் 11.30 – 2.30*

4. சைவச் சாப்பாடு: சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், தயிர் – 6,000
🌶️🌶️ ┃ 🍞🥛 கடுகு 🌿
தயிரை விட்டால் 🥛 போகும். நெய் கேட்டவர்களுக்கு மட்டும்.

5. ஆட்டுக்கறிக் குழம்பு, சோறு – 9,500
🌶️🌶️🌶️ ┃ 🌰
🔄 இப்போது முந்திரி அரைத்து ஊற்றுகிறோம். முன்பு தேங்காய் மட்டும்.

6. கோழி டாம்பௌக் – 8,000
🌶️ ┃ 🥛🌰

7. மீன் குழம்பு, சோறு – 7,500
🌶️🌶️ ┃ 🐟 கடுகு

8. வெள்ளைச் சோறு மட்டும் – 1,000
⚪ ┃ ✅

*மாலை 4.00 – 8.00*

9. அத்தோ, சைவம் – 3,500
🌶️🌶️ ┃ 🥜🍞 சோயா 🌿
மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ். பிசையும் பாத்திரமும் கரண்டியும் தனி.

10. அத்தோ, முட்டை, இறால்தூள் – 4,000
🌶️🌶️ ┃ 🥜🦐🐟🥚🍞

11. தேங்காய்ப்பால் கவுசுவே, கோழி – 4,500
🌶️ ┃ 🐟🥚🍞
நூடுல்ஸிலேயே முட்டை இருக்கிறது. மேலே வைக்கும் முட்டையை எடுத்தாலும் 🥚 போகாது.

12. லப்பெத் – 3,500
🌶️ ┃ 🥜🦐 எள்
இறாலை எடுத்துவிடலாம். கடலையையும் எள்ளையும் எடுக்க முடியாது, வறுத்த கலவையாகத்தான் வாங்குகிறோம்.

13. ஷான் டோஃபு பொரித்தது – 2,500
⚪ ┃ ⚠️🦐
🔄 முன்பு ✅ இருந்தது. இப்போது இறால் வடை பொரிக்கும் எண்ணெயிலேயே இதையும் பொரிக்கிறோம். புளி மிளகாய்த் தண்ணி தனிக் கவரில்.

14. பால் டீ – 1,500
⚪ ┃ 🥛

15. சுக்கு மல்லிக் காப்பி, வெல்லம் – 1,500
🌶️ ┃ ✅ (சுக்கின் உறைப்பு)

*ஆர்டர் எழுதும் விதம்*

எண், எத்தனை, காரம், வேண்டாதது. இந்த வரிசையில் எழுதுங்கள்:

10, 2 தட்டு, காரம் 1, இறால் வேண்டாம்

வெறும் 🦐 என்று அனுப்பினால் வேணுமா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியாது. ❌ போட்டாலும் சிக்கல்தான். 🥚❌🦐 என்று வந்தால் ❌ முட்டைக்கா இறாலுக்கா? குறியை நாங்கள் காட்ட வைத்திருக்கிறோம், நீங்கள் வேண்டாததை எழுத்தில் சொல்லுங்கள். குரல் பதிவும் சரிதான்.

நாங்கள் திருப்பிக் கேட்போம்:

"அக்கா, 10ஆம் நம்பர் ரெண்டு, காரம் ஒண்ணு, இறால்தூள் போடலை. ஆனா மீன் சாஸ் இருக்கு, முட்டை இருக்கு, கடலெண்ணெய் இருக்கு. சரியா?"

"சரி, மீன் சாஸ் பரவாயில்லை" என்று பதில் வந்தால்தான் அடுப்பில் ஏறும். 👍 மட்டும் வந்தால் ஒவ்வாமை விஷயத்தில் அதைச் சம்மதமாக எடுக்கமாட்டோம், மறுபடி கேட்போம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வாமை சொன்ன பொட்டலத்தில் மூடிமேல் எண்ணையும் "இறால் இல்லை" என்பதையும் பேனாவால் எழுதி, சிவப்பு ரப்பர் பேண்டு போட்டிருப்போம். ரப்பர் பேண்டு இல்லாமல் வந்தால் திறக்காமல் கூப்பிடுங்கள். மற்றப் பொட்டலத்தோடு மாறியிருக்கும்.

*கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கு*

நம்முடையது ஒரே அறை, மூன்று அடுப்பு. மாலையில் கடலைத்தூளும் இறால்தூளும் காற்றில் பறக்கும். ஒரு துளி பட்டாலே மூச்சுத் திணறும், உதடு வீங்கும் என்றால் மாலை ஐட்டம் எதையும் எங்களிடம் வாங்க வேண்டாம். ✅ போட்டதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பொரித்தால் எல்லாம் எரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், சூட்டில் நிலக்கடலை ஒவ்வாமை போகாது. காலையில் இட்லி மட்டும் நம்பி எடுக்கலாம், அதுவும் சாம்பார் இல்லாமல். மாவு ஆட்டும் கிரைண்டரில் வேறெதுவும் அரைப்பதில்லை, வேகவைக்கும் குண்டானும் தனி. சட்னிக்கு மிக்ஸி பொது, அதையும் விட்டுவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு தடிப்பு, வீக்கம், மூச்சிரைப்பு எது வந்தாலும் எங்களுக்குச் செய்தி போட்டுக் காத்திருக்காதீர்கள். ஊசி மருந்து கையில் இருந்தால் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன சேர்த்தோம் என்ற விவரத்தை டாக்டருக்கு நாங்கள் போனில் சொல்கிறோம்.

*டெலிவரி*

நகருக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதி இல்லாததால் சைக்கிளில்தான் வருகிறோம். பத்துத் தெருவுக்குள் 20 நிமிடம். மதியச் சாப்பாட்டுக்கு 10.30க்குள் எழுதுங்கள். கரண்டு போனால் செய்தி தாமதமாகப் பார்ப்போம். எங்கள் பதில் வராதவரை ஆர்டர் ஏறவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்மானம் எது மாறினாலும் அந்த வரியில் 🔄 ஏழு நாள் நிற்கும், குழுவிலும் தனிச் செய்தி வரும். வெள்ளிக்கிழமைகளில் 5, 6, 7, 10, 11 கிடையாது.