எப்ப சாப்பிட்டது, எப்ப சத்தி: நுண்ணுயிரியல் வினாவிடை

தம்பி, தங்கச்சிமாரே, எட்டு கேஸ் இருக்கு, எல்லாமே நம்ம திருகோணமலைப் பக்கம் நடந்த மாதிரி கற்பனையாக எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் கிருமியின் பெயரை எழுதுங்கள், அதோடு ஏன் மற்றது இல்லை என்றும் ஒரு வரி எழுதுங்கள், வெறும் பெயருக்குப் பாதி மார்க்ஸ்தான். முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள், அப்புறம் காய்ச்சல் இருக்கா என்று பாருங்கள், சாப்பாட்டைக் கடைசியில் பாருங்கள். சோறு என்று கண்டதுமே பசிலஸ் என்று எழுதுகிற ஆட்களுக்காகவே சில கேஸ்கள் வைத்திருக்கிறேன். விடை கேஸுக்குக் கீழேயே இருக்கு, கையால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கேஸ் 1. உப்புவெளியில் ஒரு பிறந்தநாள். காலையில் செய்த கஸ்டர்ட் கிரீம் கேக், கரண்ட் போனதால் பின்னேரம்வரை மேசையிலேயே இருந்தது. 4 மணிக்கு வெட்டினார்கள். 7 மணிக்கு ஒருவர் பின் ஒருவராகச் சத்தி, வயிற்றுப் பிரட்டல், கொஞ்சம் வயிற்றோட்டம். காய்ச்சல் இல்லை. விடிய எல்லோரும் சரி. கேக் செய்தவரின் விரலில் சீழ் வைத்த காயம்.

விடை: ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ். மூன்று மணித்தியாலத்தில் ஒரு பற்றீரியா குடலுக்குள் போய்ப் பெருகி நோயாக்க நேரமே இல்லை, ஆகவே நச்சு கேக்கிலேயே தயாராக இருந்திருக்கிறது. அதனால்தான் காய்ச்சலும் இல்லை. இந்த நச்சு வெப்பம் தாங்கும், சூடாக்கினால் கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும். சல்மொனெல்லா என்று எழுதியவர்கள் கேக்கில் முட்டை இருக்கு என்று மட்டும் பார்த்தவர்கள்.

கேஸ் 2. இரவுக் கடையொன்றில் பிரைட் றைஸ். மத்தியானம் அவித்த சோறு பெரிய பாத்திரத்தில் மூடி வெளியே இருந்து, இரவு 9 மணிக்குப் பொரித்துக் கொடுத்தது. 11 மணிக்குச் சத்தி. காய்ச்சல் இல்லை.

விடை: பசிலஸ் சீரியஸ், சத்தி எடுக்க வைக்கும் வகை. முதல் கேஸோடு மணிக்கூடு ஒன்றுதான், இங்கே பிரித்துக் காட்டுவது சாப்பாடு. வித்துகள் கொதிநீரில் சாவதில்லை, சோறு மெல்ல ஆறும்போது முளைத்து சீரியுலைட் என்ற நச்சை விடும், தாச்சிச் சூட்டிலும் அது அழியாது. இதே கிருமியின் வயிற்றோட்ட வகைக்கு ஏறக்குறைய 6 முதல் 15 மணித்தியாலம் எடுக்கும், ஏனென்றால் அந்த நச்சு குடலுக்குள்தான் உருவாகிறது. பரீட்சையில் இந்த இரண்டையும் குழப்பித்தான் கேட்பார்கள்.

கேஸ் 3. கிண்ணியாவில் கந்தூரி. மாட்டிறைச்சிக் கறியை முதல் நாள் இரவு பெரிய கிடாரத்தில் சமைத்து, மூடி, அப்படியே விட்டிருந்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் இலேசாகச் சூடாக்கிப் பரிமாறினார்கள். இரவு 11 மணியளவில் பலருக்கு வயிற்றுப் பிடிப்பு, தண்ணீராக வயிற்றோட்டம். சத்தி அநேகமாக யாருக்கும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மறுநாள் இரவுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

விடை: குளொஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ். எனக்குப் பிடித்த கேஸ் இது, ஏனென்றால் சமைத்தவர் நன்றாகத்தான் சமைத்திருக்கிறார், பிழை ஆறவிட்டதில். கொதிக்கும்போது கறியிலிருந்து ஒட்சிசன் வெளியேறிவிடும், கிடாரத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும், 43 முதல் 47 பாகை செல்சியஸில் இந்தக் கிருமி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சாப்பிட்டபின் உயிருள்ள கிருமிகள் ஏராளமாகக் குடலுக்குள் போய், வித்து உண்டாக்கும் நேரத்தில் நச்சை விடுகின்றன, 8 முதல் 12 மணித்தியாலம் தாமதிப்பது அதனால்தான். கேஸ் 2இல் சொன்ன பசிலஸ் வயிற்றோட்ட வகையும் இதே நேரத்தில் வரும், அதை எழுதியவருக்கும் பாதி மார்க்ஸ் தருவேன். இறைச்சியும் கிடாரமும் பெர்ஃபிரின்ஜென்ஸ் பக்கம் சாய்க்கின்றன, ஆனால் முடிவு சொல்வது ஆய்வுகூடம்தான்: கறியில் கிராமுக்கு 1,00,000 கிருமிகளுக்குக் குறையாமல் இருந்தால் உறுதி.

கேஸ் 4. மத்தியானம் சூரை மீன் குழம்பு. மீன் காலையிலிருந்து ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தது. சாப்பிட்டு 20 நிமிடத்தில் முகம் சிவந்து, தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, உடம்பெல்லாம் தடிப்பு. நாக்கில் மிளகு சுட்டது போல இருந்தது என்றார் ஒருவர். அந்த மீனைச் சாப்பிட்ட நாலு பேருக்கும் இதேதான்.

விடை: தொற்றே இல்லை, ஹிஸ்டமின் நஞ்சு. மோர்கனெல்லா மோர்கானி போன்ற பற்றீரியாக்கள் மீனில் உள்ள ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன, சமைத்தாலும் அது போகாது. அலர்ஜி என்று எழுதியவர்களே, நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் மீன் அலர்ஜி வருமா?

கேஸ் 5. நிலாவெளியில் இரவு 7 மணிக்கு நண்டு. அவித்த நண்டை, பச்சை நண்டு இருந்த அதே கூடையில் திருப்பிப் போட்டு வைத்திருந்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் தண்ணீர் போல வயிற்றோட்டம், வயிற்று வலி, சிலருக்கு இலேசான காய்ச்சல். டி.சி.பி.எஸ். ஊடகத்தில் பச்சை நிறக் கொலனிகள்.

விடை: விப்ரியோ பராஹீமோலிட்டிக்கஸ். உப்பை விரும்பும் கடற்கிருமி. சுக்ரோசை நொதிக்காததால் பச்சை. கொலரா விப்ரியோ என்றால் மஞ்சள்.

கேஸ் 6. முட்டையைப் பச்சையாக அடித்துச் செய்த மயோனைஸ் சான்ட்விச். 20 மணித்தியாலத்தில் காய்ச்சல், வயிற்றோட்டம், சத்தி.

விடை: சல்மொனெல்லா, டைஃபோயிட் அல்லாத வகை. நேராகக் கேட்டது, நேராகப் பதில்.

கேஸ் 7. மூதூரில் ஒரு வீடு. வெள்ளிக்கிழமை காலை அப்பாவுக்கும் மகளுக்கும் காய்ச்சல், கடுமையான வயிற்று வலி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம். "நேற்றுக் கடையில் வாங்கின கொத்துதான்" என்று வீட்டில் எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இரவு முற்றத்தில் கோழி சுட்டிருக்கிறார்கள், உள்ளே கொஞ்சம் பச்சையாக இருந்தது. அம்மா அதைத் தொடவில்லை, கொத்தை மூன்று பேருமே சாப்பிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அப்பாவுக்குக் கால் இரண்டும் பலமிழந்து போனது.

விடை: கம்பைலோபக்டர் ஜெஜுனி, 2 முதல் 5 நாள். ஆட்கள் எப்போதும் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் குற்றம் சொல்வார்கள், அதற்காகவே அம்மாவை வைத்தேன். கொத்தைச் சாப்பிட்டும் அவவுக்கு ஒன்றுமில்லை. ஷிகெல்லாவும் இரத்தமும் காய்ச்சலும் தரும், ஆனால் அது மனிதக் கழிவு வழியாக வருவது, அரைவேக்காட்டுக் கோழி இந்தப் பக்கம் காட்டுகிறது. ஈகோலை O157 என்றால் காய்ச்சல் குறைவாக அல்லது இல்லாமல் இருக்கும். கால் பலவீனம் கில்லன்-பாரே நோய், அந்தத் தடயத்தைப் பிடித்தவருக்கு மேலதிகமாக ஒரு மார்க். வளர்ப்பது 42 பாகையில், குறைந்த ஒட்சிசனில்.

கேஸ் 8. ஒரே போர்டிங்கில் இருக்கும் மூன்று மாணவர்களுக்குக் களைப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, கடுந்தேநீர் நிறச் சிறுநீர், அப்புறம் கண் மஞ்சள். போன கிழமை சாப்பிட்டதையெல்லாம் வரிசையாக எழுதித் தருகிறார்கள். நாலு கிழமைக்கு முன் திருவிழாவில் மூன்று பேரும் ஐஸ் போட்ட சர்பத் குடித்ததை ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்.

விடை: ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ். நோயரும்பு காலம் 15 முதல் 50 நாள், சராசரி 28. அந்தப் போன கிழமைப் பட்டியலைக் கிழித்துப் போடலாம், நீங்கள் கேட்க வேண்டியது போன மாதத்தை.