காம்பவுண்டில் டூ வீலருக்குக் கட்டமும் பாதுகாப்பான சார்ஜிங் பாயின்ட்டும் கேட்டு சங்கத்துக்கு மனு

தண்டையார்பேட்டை
9.9.2025

அனுப்புநர்: பி பிளாக் 11ஆம் எண் வீடு, மற்றும் கீழே கையெழுத்திட்டுள்ள 19 வீட்டுக்காரர்கள்

பெறுநர்: தலைவர், செயலாளர், பொருளாளர், குடியிருப்போர் நலச் சங்கம்

பொருள்: டூ வீலர் நிறுத்தக் கோடு போடுவது, மின்சார வண்டிகளுக்கு முறையான சார்ஜிங் பாயின்ட் வைப்பது. 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளக் கோருதல்.

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

போன மாதம் 17ஆம் தேதி ராத்திரி பி பிளாக் மாடிப்படிக்குக் கீழே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகியது உங்களுக்குத் தெரியும். அந்த வண்டி என்னுடையது, வயரும் என்னுடையதுதான். வாட்ச்மேன் தாத்தா பிளாஸ்டிக் கருகும் வாடை பிடித்து வந்து கதவைத் தட்டாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தபோது ஒரு பின் பாக்ஸுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. சுற்றி தோசை ஓரம் மாதிரி பழுப்பாகக் கருகியிருந்தது. தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டுதான் இந்த மனுவை எழுதுகிறேன்.

என் சார்ஜர் சுமார் 800 வாட். இழுப்பது மூன்றரை ஆம்பியர்தான், 5 ஆம்பியர் பாக்ஸ் தாங்காதா என்று நானும் நினைத்தேன். அயர்ன் பாக்ஸும் ஏறக்குறைய அவ்வளவுதான் இழுக்கும். ஆனால் அதைப் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவோம். வண்டி நாலைந்து மணி நேரம் விடாமல் இழுக்கும். பிளக் கொஞ்சம் லூஸாக இருந்தாலே அந்த இடம் சூடாகி, சூட்டில் இன்னும் லூஸாகி, கடைசியில் உருகுகிறது. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் இருந்த இ-பைக் தீப்பிடித்து, புகையில் அப்பாவும் மகளும் இறந்த செய்தியை யாரும் மறந்திருக்க மாட்டோம். நமக்கும் இறங்க ஒரே மாடிப்படிதான், அதற்குக் கீழேதான் நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நம் இரண்டு பிளாக்கிலும் சேர்த்து ஆறு மின்சார வண்டிகள் இருக்கின்றன. ஒருவர் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து வயரைத் தொங்க விடுகிறார், அது துணி காயும் கொடி மேலேயே வருகிறது. சாப்பாடு டெலிவரிக்குப் போகும் தம்பி பேட்டரியைக் கழற்றி மேலே தூக்கிக்கொண்டு போய் ஹாலில், குழந்தை படுக்கும் பாய்க்குப் பக்கத்தில் வைக்கிறார். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. கீழே போட இடம் இருந்தால் அவர் ஏன் மூன்று மாடி சுமக்கப் போகிறார்?

இனி பார்க்கிங். போன வாரம் மூன்று நாள் ராத்திரி 11 மணிக்கு இறங்கி எண்ணினேன். மூன்று நாளும் 58 வண்டிகள். அதில் ஆறு, டயர் தரையோடு ஒட்டி, சீட்டில் பூனை குட்டி போட்ட வண்டிகள். ஐந்து நம்முடையவையே அல்ல. மெட்ரோ பிடிக்க வருகிறவர்கள் காலையில் நம் கேட்டுக்குள் விட்டுவிட்டுப் போகிறார்கள், சிலர் அன்று ராத்திரி எடுப்பதும் இல்லை. இரண்டையும் கழித்தால் நம் புழக்கத்தில் இருப்பது 47.

கிழக்குச் சுவர் 120 அடி. ஹேண்டில்பார் அகலமே இரண்டேகால் அடி வருவதால் வண்டிக்கு மூன்றடி விட்டால்தான் உரசாமல் எடுக்கலாம். அப்படிப் போட்டால் 40 வண்டி. மோட்டார் ரூமை ஒட்டிய 24 அடியில் இன்னும் 8. ஆக 48, நம் 47 வண்டிக்கும் இடம் சரியாக இருக்கிறது. ஒன்று மிச்சம், அதை விருந்தாளிக்கு வைத்துக்கொள்ளலாம். இதுவரை இடமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கோடு இல்லாததுதான் குறை.

ஏ பிளாக் 4ஆம் வீட்டு அண்ணன் காசிமேட்டுக்கு விடிகாலை 3 மணிக்குக் கிளம்புகிறவர். அவர் வண்டிக்குப் பின்னால் தினமும் நாலு வண்டி. ஹேண்டில் லாக் போட்டிருப்பதால் பின் சக்கரத்தைத் தூக்கித் தூக்கி நகர்த்துகிறார். அந்தச் சத்தத்துக்கு எழுந்து அவரைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் வண்டி அந்த நாலில் ஒன்று. (நானும் ஒரு முறை திட்டியிருக்கிறேன்.)

நாங்கள் கேட்பது: மஞ்சள் பெயின்ட்டில் கட்டம் போட்டு வீட்டு எண் எழுத வேண்டும். வீட்டுக்கு ஒரு கட்டம் முதலில், மிச்சத்தை இரண்டாவது வண்டிக்குக் குலுக்கலில் கொடுக்கலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு மட்டும் மாடிப்படி ஓரம் உள்ள கட்டங்களைக் குலுக்காமல் தர வேண்டும். ஓடாத வண்டிகளில் நோட்டீஸ் ஒட்டி 30 நாள் அவகாசம் கொடுங்கள். நம் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் வெளி வண்டி எது என்று வாட்ச்மேன் தாத்தாவுக்குத் தெரியும், அவர் யாரோடும் சண்டை போட வேண்டாம்.

சார்ஜிங் பாயின்ட்டுக்கு மோட்டார் ரூம் பக்கத்து எட்டுக் கட்டங்களில் ஆறு போதும். மாடிப்படியிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடம். ஜெனரேட்டர் டீசல் கேன் இப்போது அங்கேதான் இருக்கிறது, அதை மட்டும் எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும். மேலே ஷீட் போட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நின்ற தண்ணீரின் கறை மோட்டார் ரூம் சுவரில் இன்னும் இருக்கிறது. அளந்தேன், தரையிலிருந்து 22 அங்குலம். அதனால் பாயின்ட் நாலரை அடி உயரத்தில், மூடி போட்ட பாக்ஸுக்குள் இருக்க வேண்டும்.

கரண்ட் பில்தான் சண்டைக்கு இடம் என்பதால் பொது மீட்டரைத் தொடவே வேண்டாம். எல்லார் வீட்டு ஈ.பி. மீட்டரும் கீழே ஒரே போர்டில் இருக்கின்றன, அங்கிருந்து மோட்டார் ரூம் 40 அடி. அவரவர் மீட்டரிலிருந்து பைப்புக்குள் தனித்தனி வயர் இழுத்தால் அவரவர் யூனிட் அவரவர் பில்லில் ஏறும். ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் பிளக், லோடு கூடினால் அணைக்கத் தனி எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் உடனே அணைக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., சரியான எர்த். தண்ணீர் ஏறினால் ஆறையும் ஒரேயடியாக அணைக்க ஒரு மெயின் சுவிட்ச், வாட்ச்மேன் கைக்கு எட்டும்படி. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்து, எர்த் டெஸ்ட் ரிப்போர்ட்டை சங்கத்திடம் தருகிறோம். லோடு கூட்ட வேண்டியிருந்தால் அந்த வீட்டுக்காரரே ஈ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுப்பார்.

ஆறு பேருக்காகச் சங்கப் பணமா என்று கேள்வி வரும், நியாயம்தான். வயர், பிளக், ஷீட் செலவு முழுக்க ஆறு வீட்டுக்காரர்களும் ஏற்கிறோம். பெயின்ட்டும் ஸ்டிக்கரும் எல்லாருக்கும் பொது என்பதால் அது மட்டும் சங்கக் கணக்கில். பெயின்டர் கூலியோடு 9,500 ரூபாய் சொல்கிறார், பேசினால் குறைப்பார். ஒரு தீயணைப்பு சிலிண்டரும் அங்கே வேண்டும். ஆனால் பேட்டரிக்குள்ளேயே பற்றிக்கொண்டால் அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும். அப்போது கிட்டே போகாமல் மெயினை அணைத்து, ஆட்களை விலக்கி, 101க்குப் போன் போட வேண்டும் என்று அதே சுவரில் எழுதி வைப்போம்.

பாயின்ட் வந்த நாளிலிருந்து மாடிப்படியிலும் ஜன்னல் வழியாகவும் சார்ஜ் போட மாட்டோம், ஹாலிலும் போட மாட்டோம் என்று ஆறு பேரும் எழுதித் தருகிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் வேலை முடிய வேண்டும், அதனால் இந்தக் கூட்டத்திலேயே முடிவு சொல்லுங்கள்.

13ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டுகிறோம். கார் வைத்திருக்கும் ஒன்பது வீட்டுக்காரர்களும் அன்று ஒரு முறை காரை வெளியே எடுத்து உள்ளே விட்டுப் பார்க்கட்டும். எங்கே இடிக்கிறதோ அங்கேயே கோட்டை அழித்துத் தள்ளிப் போடலாம்.

இப்படிக்கு,
பி பிளாக் 11ஆம் எண் வீட்டுக்காரர்

இணைப்பு: 19 வீட்டுக்காரர்களின் கையெழுத்து, காம்பவுண்ட் அளவுப் படம் ஒன்று, உருகிய பிளக்கின் போட்டோ இரண்டு.